கடையை விரிக்கும் கணக்கில் அக்காவும் தம்பியும்

கேள்வி: அண்ணனும் நானும் சேர்ந்து மளிகைக் கடை நடத்துகிறோம். பக்கத்துக் கடையையும் வாடகைக்கு எடுக்கலாம் என்று ஒரு கணக்கு போட்டிருக்கிறார். அதில் கேள்வி கேட்டால், "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று கோபப்படுகிறார். எப்படிப் பேசுவது?

உங்கள் அண்ணன் போட்ட கணக்கில் "விற்பனை இரண்டு மடங்கு" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். என் தம்பி போட்டதிலும் இருந்தது. அந்த ஒரு வரிக்காக நாங்கள் இரண்டு பேரும் ஒரு தீபாவளிக்கே சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் அப்பா வைத்த மளிகைக் கடை. கல்லாவில் தம்பி, கணக்கு நோட்டில் நான். "கட்டிக் கொடுத்த பொண்ணுக்குக் கடையில என்ன பேச்சு" என்று இங்கேயும் யாராவது கேட்கக்கூடும். அப்பா எழுதி வைத்ததில் எனக்குப் பாதிப் பங்கு இருக்கிறது. கொள்முதல் பில் ஒவ்வொன்றும் என் கை வழியாகத்தான் போகிறது. அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்வதாக இல்லை.

அப்போது ஒரு நாள் விற்பனை சராசரி 22,000 ரூபாய். மொத்தமாகப் பார்த்தால் நூறு ரூபாய் விற்பனைக்குப் பன்னிரண்டு ரூபாய் லாபம் நிற்கும். பக்கத்துக் கடை காலியானதும் தம்பி ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தான். வாடகை 18,000, இரண்டு ஆள் சம்பளம் 24,000, கரண்ட் 8,000, ரேக்குக்கும் சரக்குக்கும் எட்டு லட்சம் கடன், அதற்குத் தவணை 17,400. மாதம் கூடுதல் செலவு 67,400. "இடம் ரெண்டு மடங்கு ஆகுது, விற்பனையும் ரெண்டு மடங்கு ஆகும். பன்னிரண்டு சதவீதம் போட்டா செலவு போகக் கையில நிக்கும்க்கா" என்றான்.

கூட்டல் கழித்தலில் பிழை ஒன்றும் இல்லை. தினம் 18,700 ரூபாய்க்குக் கூடுதலாக விற்றாலே அந்தச் செலவு அடைபடும். அவன் எதிர்பார்த்தது 22,000.

நான் கேட்டது ஒன்றுதான்: புது ரேக்கில் என்ன சரக்கு வைக்கப் போகிறாய்? பிஸ்கட், சோப்பு, ஷாம்பு, சலவைத்தூள், நூடுல்ஸ் என்று அடுக்கினான். கொள்முதல் பில்லை எடுத்து எம்ஆர்பி பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அந்தச் சரக்கில் எங்களுக்கு நிற்பது எட்டிலிருந்து பத்து. பழைய கடையில் பன்னிரண்டு நிற்பதற்குக் காரணமே விருதுநகரில் மூட்டையாக எடுத்து வந்து நாங்கள் புடைத்து, சலித்து, சில்லறையில் நிறுத்துக் கொடுக்கும் பருப்பும் மிளகாயும் மல்லியும்தான். பாக்கெட் சரக்குக்குப் பழைய கடையின் சராசரியைப் போட்டால் கணக்கு அங்கேயே வழுக்கிவிடும். பன்னிரண்டுக்குப் பதில் ஒன்பது போட்டுப் பார்த்தோம். செலவை அடைக்க மட்டும் தினம் 25,000 கூடுதலாக விற்றாக வேண்டும். அதாவது அப்பா காலத்திலிருந்து வளர்ந்து வந்த மொத்த விற்பனையை விடவும் அதிகம்.

அப்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது. "நீ என்னைக்குக்கா சரின்னு சொல்லியிருக்க? நான் கல்லாவுல உட்கார்ந்து பாக்குறேன், நாளும் எத்தனை பேர் சாமான் இல்லைன்னு திரும்பிப் போறாங்க தெரியுமா?" என்றான். தெரியாது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. நோட்டில் விற்றது மட்டும்தான் ஏறும், விற்காமல் போனது ஏறாது. அவன் கண்ணில் பட்டது என் நோட்டில் இல்லவே இல்லை.

அதனால் கல்லா பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். யார் எதைக் கேட்டு நாங்கள் "இல்லை" என்று சொன்னாலும் சாமான் பெயரும் அளவும் அதில் ஏற வேண்டும். ஒரு மாதம் எழுதினோம். சாமான் கட்டும் பையன் எழுத்து எனக்கே பாதிதான் புரிந்தது. ஆனாலும் கூட்டிப் பார்த்தால் நாளுக்கு 6,000 ரூபாய் பக்கம் வந்தது. தம்பி சொன்ன அளவு இல்லை, நான் நினைத்த மாதிரி ஒன்றுமில்லாமலும் இல்லை.

அந்த நோட்டில் எங்களைப் பேச வைத்தது தொகை இல்லை, பெயர்கள். ஷாம்பு நாலைந்து இடத்தில்தான் இருந்தது. திரும்பத் திரும்ப வந்தது வரகு, சாமை, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், நாட்டுச் சர்க்கரை, பூஜைச் சாமான். இதெல்லாம் எங்கள் கையில் பதினைந்து நிற்கிற சரக்கு. ஆள் வருகிறார்கள் என்று தம்பி சொன்னது சரி. அவர்களுக்காக அவன் எழுதிய சரக்குப் பட்டியல்தான் பொருந்தவில்லை.

அதற்குப் பிறகு கணக்கைப் பின்னாலிருந்து போட்டோம். முழுக் கடைக்குத் தேவை தினம் 25,000. நோட்டில் இருப்பது 6,000. மீதி 19,000 புது ஆட்களிடமிருந்து வர வேண்டும். எங்கள் சராசரி பில் 250 ரூபாய். ஆக, தினம் 76 புது பில். இருந்த பில்லே 90க்குள்தான். "இந்த எழுபத்தாறு பேரும் இப்ப எங்க வாங்குறாங்க?" என்று கேட்டேன். பைபாஸ் பக்கம் வந்திருக்கும் புது வீடுகளைச் சொன்னான். அந்தத் தெருக்களுக்கு நடுவிலேயே எம்ஆர்பிக்குக் கீழே விற்கும் பெரிய கடை ஒன்று இருக்கிறது. அவர்களோடு சோப்பில் மோதினால் எங்களுக்கு ஒன்பதும் நிற்காது, நான்கோ ஐந்தோதான். அவனும் அதற்கு மேல் பேசவில்லை.

கடைசியில் கட்டட உரிமையாளரிடம் பேசி முன் பாதியை மட்டும் எடுத்தோம். வாடகை 9,000, ஒரு ஆள் 12,000, கரண்ட் 4,000, நான்கு லட்சத்துக்குத் தவணை 8,700. மொத்தம் 33,700. பதினைந்து நிற்கும் சரக்கில் இதை அடைக்க தினம் 7,500 ரூபாய் விற்றால் போதும். நோட்டில் கேட்டதெல்லாம் விற்றால் மிச்சத்துக்கு ஆறு புது பில். இதற்கு நானும் தலையாட்டினேன்.

இதிலும் ஒரு முடிச்சு இருந்தது. சிறுதானியத்தை முன்கூட்டியே பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டி அடுக்கினால் பார்வையாக இருக்கும் என்றான். 2022 ஜூலையிலிருந்து அப்படிப் பொதிந்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, சிறுதானியத்துக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. வாங்குபவர் முன்னால் சில்லறையில் நிறுத்துக் கொடுத்தால் இல்லை. விலையை ஏற்றாமல் பாக்கெட் போட்டால் பதினைந்தில் ஏறக்குறைய ஐந்து அங்கேயே போய்விடும் என்று ஆடிட்டர் சொன்னார். அதனால் மூடி போட்ட டப்பாக்களில் நிறுத்து விற்கிறோம்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடன் வாங்கப் போன இடத்தில், ஆயுள் காப்பீட்டு பாலிசி ஒன்று எடுத்தால்தான் ஃபைல் நகரும் என்று கையைப் பிசைய வைத்தார்கள். முதல் வருட பிரீமியம் எங்கள் தவணையை விட அதிகம். "இது கட்டாயம்னு எழுதிக் கொடுங்க" என்று நான் கேட்டதும் பேச்சு மாறியது. சிறு கடைக்காரர்களிடம் இதை ஏன் செய்கிறார்கள் என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

துணிக்கடைக்கோ ஹார்டுவேருக்கோ இதே எண்கள் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அங்கே சரக்கு தேங்குகிற கணக்கே வேறு. உங்களுடையது மளிகை என்பதால் சொல்கிறேன். "உன் கணக்கு தப்பு" என்று ஆரம்பிக்காதீர்கள். புது ரேக்கில் வைக்கப் போகும் சரக்கின் பட்டியலை அண்ணனையே எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். "இல்லை" நோட்டை இன்றைக்கே தொங்கவிட்டுவிடுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு மாதமாவது அதில் ஏறியிருக்க வேண்டும்.