பத்திரம் இல்லாத காப்புறுதியின் முதிர்வுப் பணத்தைக் கேட்டு எழுதுவது எப்படி?

*அப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். 1991இல் மூதூரில் படிப்பிக்கும்போது 20 வருட ஆயுள் காப்புறுதி ஒன்று எடுத்தார். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். 2003இல் திருகோணமலை நகருக்கு மாற்றலான பிறகு பிடித்தார்களா தெரியாது. பத்திரம் சுனாமியில் போய்விட்டது. கம்பெனியின் பெயரும் ஞாபகமில்லை. 2011இல் முதிர்ந்திருக்க வேண்டும், ஒரு சதமும் வரவில்லை. இனிக் கேட்கலாமா?*

கேட்கலாம். முதலில் கம்பெனியைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு அப்பாவின் பழைய சம்பளச் சிட்டை ஒன்றே போதும், கழிவுகள் பகுதியில் காப்புறுதியின் பெயரோ குறியீடோ இருக்கும். சிட்டை இல்லையென்றால் 2003 வரை சம்பளம் போட்ட வலயக் கல்வி அலுவலகத்தின் கணக்குக் கிளைக்கு எழுதி, அந்தக் கழிவு எந்த நிறுவனத்துக்கு, எந்த இலக்கத்தில், எந்த மாதம் வரை போனது என்று கேளுங்கள். கடைசி மாதம்தான் மிக முக்கியம், ஏனென்று கீழே சொல்கிறேன்.

கிடைக்கும் பெயர் இன்று இல்லாத பெயராக இருக்கலாம். சி.டி.சி. ஈகிள் என்று அன்று இருந்தது, ஈகிள், அவிவா என்.டி.பி. என்று மாறி இன்று ஏ.ஐ.ஏ. ஆகியிருக்கிறது. பெயர் மாறினாலும் பழைய பொறுப்பு புதிய பெயரோடு தொடரும். இன்று அனுமதிப்பத்திரம் உள்ள கம்பெனிகளின் பட்டியல் இலங்கை காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவின் ircsl.gov.lk தளத்தில் உண்டு. பெயர் எதுவுமே கிடைக்காவிட்டால் 1991இல் இயங்கிய ஆயுள் காப்புறுதி நிறுவனங்களின் இன்றைய அலுவலகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள்.

பத்திர இலக்கம் இல்லாமலும் தேடலாம். முழுப்பெயர், பிறந்த தேதி, அன்றைய மூதூர் முகவரி, அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றைக் கொடுங்கள். இலக்கத்தில்தான் பலர் தவறுகிறார்கள். 1991இன் பதிவில் இருப்பது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய எண். புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம். புதியதை மட்டும் கொடுத்தால் "பதிவு இல்லை" என்று பதில் வரக்கூடும். இரண்டையும் எழுதுங்கள். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறுபட்டால் அதையும் சொல்லுங்கள்.

இனிப் பணம். மாற்றலோடு சம்பளக் கழிவு தானாகப் புதிய அலுவலகத்துக்கு வராது, பல பத்திரங்கள் அந்த இடத்தில்தான் அறுந்து போகின்றன. ஆனால் பொதுவாக மூன்று வருடம் கட்டியிருந்தால் பத்திரம் செத்துப்போவதில்லை, குறைந்த தொகைக்கு உயிரோடு இருக்கும். உதாரணமாகக் காப்புறுதித் தொகை 1,00,000 ரூபாய் என்று வைப்போம். 1991 ஜூன் முதல் 2003 மே வரை கட்டியது 144 மாதம், கட்ட வேண்டியது 240 மாதம். எனவே 60 சதவீதம், அதாவது 60,000 ரூபாய், அதோடு கட்டிய காலத்தில் சேர்ந்த போனஸ். பத்திரத்தின் மேல் கடன் எடுத்திருந்தால் அதுவும் வட்டியும் கழியும். சில பத்திரங்களில் கட்டாத தவணையைக் கம்பெனியே கடனாகப் போட்டிருக்கும், அப்படியானால் மீதி மிகக் குறையலாம்.

கடிதத்தை அப்பாவே கையொப்பமிட்டு, ஆயுள் காப்புறுதி முதிர்வுப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பட்டும். சாரம் இதுதான்:

"என் பெயரிலுள்ள பத்திரம் 2011இல் முதிர்ந்தது. இதுவரை பணம் கிடைக்கவில்லை. அதன் இன்றைய நிலை, கடைசியாகத் தவணை கிடைத்த மாதம், செலுத்த வேண்டிய தொகையின் கணக்கு, போனஸ், கடன் விபரம் ஆகியவற்றை எழுத்தில் தாருங்கள். பணம் கொடுத்ததாகப் பதிவிருந்தால் காசோலை இலக்கம், தேதி, அது வங்கியில் மாறிய விபரம், அனுப்பிய முகவரி ஆகியவற்றைத் தாருங்கள். தாமதத்துக்கான வட்டி பற்றியும் அறியத்தாருங்கள்."

காசோலைக் கேள்வியை விடவே கூடாது. பழைய முகவரிக்குப் போன காசோலை ஆறு மாதத்தில் காலாவதியாகிவிடும். கம்பெனியின் ஏட்டில் "கொடுத்தாயிற்று" என்றிருந்தாலும் வங்கியில் மாறாமலே கிடந்திருக்கலாம்.

பத்திரம் தொலைந்ததற்குப் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும் சமாதான நீதவான் முன் செய்த சத்தியக்கடதாசியும் கேட்பார்கள். பின் கம்பெனியின் பொறுப்பு முடிந்தது என்று ஒப்புக்கொள்ளும் விடுதலைப் பத்திரம் ஒன்றில் கையொப்பம் கேட்பார்கள். அதில் "முழுத் தீர்வாக" என்று இருக்கும், கணக்கைப் பார்த்துச் சரிபார்க்கும்வரை அப்பா அதில் ஒப்பமிட வேண்டாம்.

கம்பெனி மறுத்தாலோ பதில் தராவிட்டாலோ, கடிதப் பிரதிகளுடன், காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாக முறையிடலாம். ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். நீதிமன்றம்தான் கடினம்: எழுத்து ஒப்பந்தத்தின் மேல் வழக்குத் தொடரும் காலம் ஆறு வருடம், 2011இலிருந்து எண்ணினால் அது எப்போதோ கடந்துவிட்டது. அதனால் "இவ்வளவு தர வேண்டியுள்ளது" என்று கம்பெனி எழுதும் ஒவ்வொரு கடிதத்தையும் உறையோடு பத்திரப்படுத்துங்கள். கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்தக் காலக்கெடு பற்றி வழக்கறிஞர் வாதிட இடம் கிடைக்கும்.