பத்தாம் நாள் காய்ச்சல்

அன்புள்ள ஐயா,

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்ந்த கீமோவை மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கிறார்கள். முதல் சுற்றுக்குப் பின் பதினேழாம் நாள் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்துவிட்டது. அன்று முதல் கண்ணாடியைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள். புற்றுநோய்க்குத் தரும் மருந்து முடியை ஏன் தாக்க வேண்டும்? முடி உதிர்ந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார், அது உண்மையா? அளவைக் குறைத்துத் தரச் சொல்லலாமா? மற்றபடி பெரிய தொந்தரவு இல்லை. வாயில் சிறு புண்கள் வந்தன. பத்தாம் நாள் இரவு காய்ச்சல் வந்தது, பாராசிட்டமால் கொடுத்தேன், காலையில் விட்டுவிட்டது. இரண்டாம் சுற்று முடிந்து இன்று ஐந்தாம் நாள்.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் மனைவி கண்ணாடியை மூடி வைத்திருப்பதாக எழுதிய வரியில் வெகுநேரம் நின்றுவிட்டேன். என் அக்காவும் அப்படித்தான் செய்தாள். முடி போவது அற்ப விஷயம் என்று அவரிடம் யாரும் சொல்ல விடாதீர்கள். ஆனால், நீங்கள் ஏழெட்டு வரிகளில் முடியைப் பற்றி எழுதிவிட்டு, கடைசியில் ஒரே வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கும் காய்ச்சல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அதற்கு வருகிறேன். அதற்கு முன் மருந்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் அது புரிந்தால்தான் என் கோபமும் உங்களுக்குப் புரியும்.

இந்த இரண்டு மருந்துகளுக்கும் புற்றுநோயை அடையாளம் காணத் தெரியாது. சைக்ளோபாஸ்பமைடு டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் இழைகள் விலகி, ஒவ்வொன்றுக்கும் நகல் எடுக்கப்பட வேண்டும். பிணைந்துபோன இடத்தில் அந்த வேலை நின்றுவிடும். டாக்ஸோரூபிசின் வேறு வழியில் அதே முடிவுக்கு வருகிறது. டி.என்.ஏ.வில் விழும் சிக்கலை நீக்க, செல்லில் உள்ள ஒரு நொதி இழைகளை வெட்டி, சிக்கலெடுத்து, மறுபடி ஒட்டவைக்கும். வெட்டிய பிறகு ஒட்ட முடியாதபடி அந்த நொதியை இம்மருந்து பிடித்து வைத்துக்கொள்கிறது. பிரியாமல் ஓய்ந்திருக்கும் செல்லுக்கு இந்தச் சேதங்களைச் சரிசெய்ய அவகாசம் உண்டு. பிரிந்துகொண்டிருக்கும் செல்லுக்கு இல்லை. ஆகவே மருந்து செல்லின் குணத்தைப் பார்ப்பதில்லை; அது பிரிகிறதா என்பதே அதற்குக் கணக்கு.

புற்றுநோய் செல்தான் உடம்பில் மிக வேகமாகப் பிரிகிறது என்று பலரும் நம்புகிறார்கள். அது தவறு. மார்பகக் கட்டி இரு மடங்காகப் பொதுவாகப் பல வாரங்களோ மாதங்களோ ஆகும். குடலின் உட்படலமோ மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் முழுவதும் புதிதாகிவிடுகிறது. எலும்பு மஜ்ஜை ஒரே நாளில் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை, அதாவது கிருமிகளோடு முதலில் போரிடும் வெள்ளணுக்களை, உண்டாக்குகிறது. தலையில் பத்தில் ஒன்பது மயிர்க்கால்கள் எந்நேரமும் வளரும் நிலையில் இருக்கின்றன. அவற்றின் அடியில் உள்ள செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. பிறப்பு ஓயாத இந்த மூன்று இடங்களும் அடிவாங்காமல் இருந்தால்தான் வியப்பு.

பிறகு கீமோ எப்படிப் பயன்படுகிறது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல திசுக்களில் புதிய செல்களைப் பிறப்பிக்கும் வேர் செல்களில் பல, பிரியாமல் உறங்கிக் கிடக்கின்றன. மருந்து வந்து போன பின் அவை விழித்து, இழந்ததை நிரப்பிவிடுகின்றன. சேதம் கண்டால் பிரிவதை நிறுத்திச் சரிசெய்துகொள்ளும் ஒழுங்கும் நல்ல செல்லுக்கு உண்டு. புற்றுநோய் செல்லிடம் பெரும்பாலும் அந்த ஒழுங்கு கெட்டுப்போயிருக்கிறது. மூன்று வாரத்தில் மஜ்ஜை எழுந்து நின்றுவிடும், கட்டியால் அதே அளவுக்கு எழ முடியாது. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே இருபத்தொரு நாள் வைத்திருப்பது மஜ்ஜைக்குத் தரும் தவணை.

முடி உதிர்வது மருந்து வேலை செய்வதன் அடையாளம் அல்ல. உங்கள் மனைவிக்குத் தரும் மருந்துகள் முடியை உதிர்க்கும் வகை, அவ்வளவே; முடியைத் தொடாமல் கட்டியைக் கரைக்கும் மருந்துகளும் உண்டு. மயிர்க்காலின் மேற்பகுதியில் உறங்கும் வேர் செல்கள் தப்பிவிடுவதால் சிகிச்சை முடிந்தபின் முடி பெரும்பாலும் திரும்ப முளைக்கும். அளவைக் குறைப்பது பற்றி நீங்களும் நானும் பேச வேண்டாம். அதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

இப்போது காய்ச்சல்.

பத்தாம் நாளில் உங்கள் மனைவியின் உடலில் அந்த மருந்து கிட்டத்தட்ட இல்லை. இரண்டு மருந்துகளும் முதல் சில நாட்களிலேயே பெரும்பாலும் வெளியேறிவிடுகின்றன. அப்படியிருக்க ஆபத்து ஏன் பத்தாம் நாளில் வருகிறது? மருந்து தாக்குவது பிறப்பை. ஏற்கெனவே பிறந்து வளர்ந்த செல்களை அது பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அந்தப் பழைய செல்கள் தீரும்வரை வெளியே எந்தக் குறையும் தெரியாது. மஜ்ஜையில் ஒரு நியூட்ரோஃபில் உருவாகும்போது முதல் சில படிகளில் மட்டுமே பிரிகிறது; அதற்குப் பிந்திய படிகளில் பிரியாமல் முதிர மட்டும் செய்கிறது. முதிரும் அந்தக் கூட்டம் சுமார் ஒரு வாரத்துக்கான கையிருப்பு. மஜ்ஜை என்ற ஆலையை மருந்து முதல் நாளே நிறுத்திவிட்டாலும் கிடங்கிலிருந்து சரக்கு வந்துகொண்டிருக்கிறது. ஆறாம் ஏழாம் நாளில் கிடங்கு காலி. ரத்தத்துக்குள் வந்த நியூட்ரோஃபில் நாட்கணக்கில் தங்குவதில்லை, ஆகவே எண்ணிக்கை சட்டென்று சரிகிறது. பத்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் அது அடிமட்டத்தில் கிடக்கும். பிறகு விழித்தெழுந்த மஜ்ஜையின் புதிய சரக்கு வரத் தொடங்குகிறது.

இதே கணக்கை மற்றவற்றுக்கும் போட்டுப் பாருங்கள். ரத்தச் சிவப்பணு நூற்றிருபது நாள் வாழ்வதால் சோகை மெதுவாகத்தான் தலைகாட்டுகிறது. தட்டணு எட்டுப் பத்து நாள் வாழ்வதால் அதன் குறைவு நியூட்ரோஃபிலை ஒட்டியே வருகிறது. முடியின் விஷயமும் இதுதான்: மருந்து வந்த நாட்களில் உருவான முடித்தண்டு நூலாக மெலிந்துவிடுகிறது, அந்த மெலிந்த இடம் தோலுக்கு வெளியே வந்தபின் ஒடிகிறது. உங்கள் பதினேழாம் நாள் அப்படி வந்தது.

குடலும் அந்த நாட்களில் சும்மா இருப்பதில்லை. உட்படலம் புதுப்பிக்கப்படாததால் மெலிந்து ஆங்காங்கே விட்டுப்போகிறது. வாய்ப்புண் அதன் கண்ணுக்குத் தெரிகிற நுனி. குடலுக்குள் நம்மோடு சமாதானமாக வாழும் பாக்டீரியாக்கள் அந்த விரிசல்கள் வழியாக ரத்தத்துக்குள் நுழைகின்றன. சுவர் இடிந்த அதே வாரத்தில்தான் காவலாளிகளும் இல்லை. வெளியிலிருந்து கிருமி வரவேண்டும் என்பதே இல்லை. பார்க்க வருபவர்களை வாசலிலேயே தடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோகிறேன்.

நியூட்ரோஃபில் இல்லாத உடலில் சீழ் பிடிக்காது. புண் சிவந்து வீங்குவதும் நுரையீரலில் சளி கட்டுவதும் பெருமளவு அந்த அணுக்களின் வேலை. ஆகவே தொற்று உள்ளே பரவிக்கொண்டிருந்தாலும் வெளியே தெரிவது காய்ச்சல் ஒன்றாகவே இருக்கலாம். அந்த ஒரே மணியையும் பாராசிட்டமால் கொடுத்து நீங்கள் அணைத்திருக்கிறீர்கள்.

நான் இவ்வளவு கடுமையாகப் பேசுவதற்குக் காரணம், நானும் அதையே செய்தேன். அக்காவுக்கும் இதே மருந்துகள்தான். பதினோராம் நாள் இரவு 38.4 டிகிரி செல்சியஸ். காய்ச்சல் வந்தால் உடனே வரவேண்டும் என்று அச்சிட்ட தாளை முதல் நாளே தந்திருந்தார்கள். நான் அதைப் படிக்காமல் கோப்பில் செருகி வைத்திருந்தேன். மாத்திரை கொடுத்தேன், வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது, "பாத்தியா, ஒண்ணுமில்ல" என்று அவளிடம் நானே சொன்னேன். விடியற்காலை நடுக்கம் கண்டு, பேச்சு குழறி, ரத்த அழுத்தம் இறங்கிய நிலையில் கொண்டுபோனோம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் மொத்த வெள்ளணுக்கள் 800, அதில் நியூட்ரோஃபில் பத்து சதவீதம். பத்து சதவீதம் என்றால் 80 என்று அந்த இரவுக்குப் பிறகுதான் கணக்கிடக் கற்றுக்கொண்டேன். நியூட்ரோஃபில் 1,500க்குக் கீழே வந்தால் குறைவு, 500க்குக் கீழே வந்தால் கடும் ஆபத்து. ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து பிழைத்து வந்தாள். முதல் முறை உங்கள் மனைவி தப்பியதற்கு மாத்திரை காரணம் அல்ல. அந்த நல்வாய்ப்பு இரண்டாம் முறையும் வரும் என்று எண்ணிவிடாதீர்கள்.

இரண்டு காரியங்களை உடனே செய்யுங்கள். முதற்சுற்றுக் காய்ச்சலைப் பற்றி மருத்துவரிடம் இன்றே தொலைபேசியில் சொல்லுங்கள். நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். தெரிந்திருந்தால் மஜ்ஜையைத் தூண்டும் ஊசியைப் பற்றி அவர் யோசித்திருப்பார். அந்த ஊசியைக் கீமோ முடிந்து குறைந்தது இருபத்துநான்கு மணி நேரம் கழித்தே போடுவார்கள், ஏனென்றால் அது மஜ்ஜை செல்களைப் பிரியத் தூண்டுகிறது. மருந்து ரத்தத்தில் இருக்கும்போது தூண்டினால் செல்களைக் கத்திக்கு முன் கொண்டுபோய் நிறுத்தியதாகிவிடும். இந்தச் சுற்றில் அதற்கு இடமிருக்கிறதா, அடுத்த சுற்றுக்குத் திட்டமிட வேண்டுமா என்பதை அவர் சொல்வார்.

இரண்டாவது, வெப்பநிலை 38 டிகிரியை, அதாவது ஃபாரன்ஹீட்டில் 100.4ஐத் தொட்டால் மாத்திரை எதுவும் கொடுக்காமல் மருத்துவமனையை அழைத்து, எந்த நேரமானாலும் கிளம்புங்கள். வாசலில் நுழைந்ததுமே "கீமோ முடிந்து இத்தனையாவது நாள், காய்ச்சல்" என்று சொல்லுங்கள். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் தொடங்கப்பட வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று அதற்காகக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் இல்லாமலேயே நடுக்கமோ மயக்கமோ மூச்சிரைப்போ வந்தாலும் இதேதான்.

உங்கள் கடிதம் ஐந்தாம் நாள் எழுதப்பட்டிருக்கிறது. நான் இதை எழுதும் இன்று ஆறாம் நாள். உங்கள் மனைவியின் கிடங்கில் சரக்கு தீர்ந்துகொண்டிருக்கும். தெர்மாமீட்டர் வேலை செய்கிறதா என்று இன்றிரவே பாருங்கள், வீட்டில் உள்ள பாராசிட்டமாலை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.

அன்புடன்