ஓபிசி-யா, பிரைவேட் லிமிடெட்டா? யார் பணம் உள்ளே வருகிறது என்று பாருங்கள்

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாங்கூழ் யூனிட் வைத்திருக்கிறேன். ஓபிசி, அதாவது ஒருநபர் கம்பெனியாகப் பதிவு செய்து ரெண்டு வருஷம் ஆச்சு. அக்கா வீட்டுக்காரர் 40 லட்சம் போடத் தயாராக இருக்கிறார். பிரைவேட் லிமிடெட்டாக மாற்ற வேண்டுமா? நேரே பப்ளிக் லிமிடெட் ஆக்கிவிட்டால் என்ன?

பதில்:

விற்றுமுதல் ரெண்டு கோடியைத் தாண்டினால் ஓபிசி-யைக் கட்டாயம் மாற்ற வேண்டும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது பழைய விதி. 2021 ஏப்ரல் 1 முதல் அது இல்லை. எத்தனை கோடிக்கு வியாபாரம் செய்தாலும் ஓபிசி-யாகவே இருக்கலாம். வருமான வரி விகிதத்திலும் ஓபிசி-க்கும் பிரைவேட்டுக்கும் வித்தியாசம் கிடையாது. பேங்க் கடனுக்கு ரெண்டிலுமே உங்கள் சொந்த ஜாமீன் கேட்பார்கள். ஆகவே உங்கள் விஷயத்தில் முடிவு செய்வது அந்த 40 லட்சம்தான்.

ஓபிசி-யில் பங்குதாரர் ஒருவர் மட்டுமே. நாமினி என்று ஒருவரைப் போட்டிருப்பீர்கள், அவர் உங்கள் காலத்துக்குப் பிறகுதான் உள்ளே வருவார். அதனால் உங்கள் மாமாவுக்கு ஒரே ஒரு பங்குகூடக் கொடுக்க முடியாது. சரி, கடனாக வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் பலர் சிக்குகிறார்கள். இயக்குநரோ அவருடைய உறவினரோ கொடுக்கும் பணம், பிரைவேட் கம்பெனிக்கும் ஓபிசி-க்கும் 'டெபாசிட்' ஆகாது. ஆனால் கம்பெனிச் சட்டத்தில் உறவினர் என்பதற்குத் தனிப் பட்டியல் உண்டு. அதில் அக்கா இருக்கிறார், அக்கா வீட்டுக்காரர் இல்லை! மகளின் கணவர் உண்டு, சகோதரியின் கணவர் கிடையாது. மாமாவின் கணக்கிலிருந்து பணம் வந்தால் அது அனுமதியில்லாத டெபாசிட் ஆகிவிடும். ஆடிட்டர் அறிக்கையில் ஏறும். அக்கா கொடுக்கலாம். ஆனால் அது தன் சொந்தப் பணம், யாரிடமும் கடன் வாங்கிக் கொடுத்ததில்லை என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். நகையை அடகு வைத்து வாங்கிய பணத்துக்கு அப்படி எழுதித் தர முடியாது.

ஆகவே, மாமாவைப் பங்குதாரர் ஆக்குவதாக இருந்தால் பிரைவேட்டாக மாறுங்கள். குறைந்தது ரெண்டு உறுப்பினர், ரெண்டு இயக்குநர் வேண்டும். தீர்மானம் போட்டு, கம்பெனியின் நோக்கத்தைச் சொல்லும் மெமோராண்டம், உள்விதிகளைச் சொல்லும் ஆர்ட்டிகிள்ஸ் ரெண்டின் திருத்திய நகல், புதிய உறுப்பினர்கள், இயக்குநர்கள் பட்டியலும் அவர்கள் சம்மதமும், கடன் கொடுத்தவர்கள் பட்டியல், கடைசியாக ஆடிட் செய்த இருப்புநிலைக் குறிப்பு இவற்றோடு INC-6 படிவம் தாக்கல் செய்வார்கள். கம்பெனி அதே கம்பெனிதான். பழைய கடன், ஒப்பந்தம் எல்லாம் அப்படியே தொடரும், பான் எண்ணும் மாறாது. பெயரிலிருந்து ஓபிசி போய்விடும் என்பதால் ஜிஎஸ்டி, உணவு உரிமம், பேங்க், மின் இணைப்பு எல்லாவற்றிலும் பெயரைத் திருத்த வேண்டும்.

இனி பங்குக் கணக்கு. இதில் அவசரப்படாதீர்கள். உங்களிடம் 10 ரூபாய் முகமதிப்பில் ஒரு லட்சம் பங்குகள் இருக்கின்றன, பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒரு பங்கு 100 ரூபாய் என்று அறிக்கை தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 40 லட்சத்துக்கு மாமாவுக்கு 40,000 பங்குகள். மொத்தம் 1,40,000 பங்குகளில் அது சுமார் 28.6 சதவீதம். பாதிகூட இல்லையே என்று நினைப்பீர்கள். ஆனால் சிறப்புத் தீர்மானம் நிறைவேற, பதிவாகும் வாக்குகளில் முக்கால் பங்கு ஆதரவு வேண்டும். 25 சதவீதத்துக்கு மேல் கையில் வைத்திருப்பவர் வேண்டாம் என்றால் அது நின்றுவிடும். ஆர்ட்டிகிள்ஸைத் திருத்துவது, நாளைக்கு பப்ளிக்காக மாறுவது எல்லாமே சிறப்புத் தீர்மானத்தில்தான் போகும். நானாக இருந்தால் 30 லட்சத்துக்கு மட்டும் பங்கு கொடுப்பேன். 1,30,000-த்தில் 30,000 என்றால் 23 சதவீதம்தான். மீதி 10 லட்சத்தை அக்காவிடமிருந்தோ, மாமாவை இயக்குநராகச் சேர்த்த பிறகு அவரிடமிருந்தோ அதே உறுதிமொழியுடன் கடனாக வாங்கலாம். இதை மாமாவிடம் முன்பே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள், வீட்டு விஷயம் பாருங்கள்.

அந்த 30 லட்சம் வரும் வழியும் முக்கியம். சிறப்புத் தீர்மானம், அதைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் MGT-14 படிவம், அப்புறம் பங்கு வாங்க அழைக்கும் PAS-4 கடிதம், தனி பேங்க் கணக்கில் பணம், 60 நாளுக்குள் பங்கு ஒதுக்கீடு, ஒதுக்கியதும் 15 நாளுக்குள் PAS-3 என்ற ஒதுக்கீட்டு அறிக்கை. PAS-3 தாக்கல் ஆகும்வரை அந்தப் பணத்தைத் தொடக்கூடாது. நம் ஊரில் என்ன நடக்கிறது? மே மாதம் பெங்களூரா காய் லாரி லாரியாக வந்து நிற்கும், மண்டிக்காரருக்குப் பணம் கொடுத்தாக வேண்டும், மாமா அனுப்பியது நேரே நடப்புக் கணக்கில் விழுந்து அன்றே செலவாகிவிடும். பேங்க் ஸ்டேட்மென்டைப் பார்த்தாலே தெரிந்துபோகும். 60 நாளுக்குள் ஒதுக்காவிட்டால் அடுத்த 15 நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதையும் தவறினால் 60-ஆம் நாளிலிருந்து 12 சதவீத வட்டி. சீசனுக்குப் பணம் வேண்டுமென்றால் ஜனவரியிலேயே INC-6 வேலையை ஆரம்பியுங்கள்.

பப்ளிக் லிமிடெட் விஷயத்துக்கு வருகிறேன். ஓபிசி-யிலிருந்து நேராக மாற சட்டத்தில் இடம் உண்டு. ஏழு உறுப்பினர், மூன்று இயக்குநர் இருந்தால் போதும். பெயரில் 'பிரைவேட்' இல்லையென்றால் மதிப்பு கூடும் என்று நினைத்து வீட்டு ஆட்கள் ஏழு பேரைச் சேர்த்து மாறியவர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. மேலே சொன்ன உறவினர் கடன் சலுகை பிரைவேட்டுக்கும் ஓபிசி-க்கும் மட்டும்தான். பப்ளிக் ஆனபின் அக்காவிடமும் புதிதாகக் கடன் வாங்க முடியாது. ஏழு பேரில் ஒருவர் இறந்தோ விலகியோ ஆறாகி, அப்படியே ஆறு மாதத்துக்கு மேல் தொழில் நடந்தால், அது தெரிந்த உறுப்பினர் ஒவ்வொருவரும் அதற்குப் பிறகு ஏற்படும் கடன் முழுவதற்கும் சொந்தமாகப் பொறுப்பாவார்.

பப்ளிக் எப்போது தேவை? பங்குதாரர் எண்ணிக்கை 200-ஐத் தாண்டப்போகிறது, அல்லது சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான எஸ்எம்இ பங்குச் சந்தையில் பொதுமக்களிடம் பணம் திரட்டப்போகிறீர்கள், இந்த ரெண்டில் ஒன்று வரும்போது. எஸ்எம்இ வெளியீட்டுக்கு, முந்தைய மூன்று ஆண்டுகளில் ரெண்டிலாவது ஒரு கோடி செயல்பாட்டு லாபம் வேண்டும் என்று 2025-இல் செபி விதி கொண்டுவந்திருக்கிறது. இன்னொரு வழியும் உண்டு, நீங்கள் கேட்காமலே நடப்பது: ஒரு பப்ளிக் கம்பெனி உங்கள் பங்கில் பாதிக்கு மேல் வாங்கினால், நீங்கள் அதன் துணை நிறுவனம் என்பதால் சட்டத்தின் கண்ணில் தானாகவே பப்ளிக் ஆகிவிடுவீர்கள்.

பிரைவேட்டிலிருந்து பப்ளிக் ஆவது லேசு. சிறப்புத் தீர்மானம் போட்டு MGT-14, INC-27 படிவங்களைத் தாக்கல் செய்தால் முடிந்தது. பிடிக்கவில்லை என்று திரும்பி வருவதற்குத்தான் மண்டல இயக்குநரின் அனுமதி வேண்டும். அதற்குச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து, கடன் கொடுத்தவர்களுக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருக்கும்.