எடைமேடையில் திறன் மிச்சமிருந்தும் வரிசை ஏன் நீள்கிறது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் அரிசி ஆலை நடத்துகிறோம். எங்கள் எடைமேடையில் ஒரு எடைக்குச் சராசரியாக 6 நிமிடம் ஆகும், அதாவது மணிக்கு 10 எடை போடலாம். மணிக்கு 8 வந்தவரை வரிசையில் நின்று எடை போட்டு முடிக்க அரை மணி நேரம்தான் ஆனது. குறுவை அறுவடையில் ஒன்பதரை ஆனதும் இரண்டு மணி நேரம் ஆகிறது. மேடைக்கு இன்னும் திறன் மிச்சம் இருக்கிறதே, ஏன்?

பதில்: வண்டிகள் ஆறு நிமிடத்துக்கு ஒன்று என்று அளந்து வருவதில்லை. நாலைந்து கொள்முதல் நிலையங்களில் மூட்டை ஏற்றி முடிவது ஒரே நேரத்தில் அமைந்தால் ஐந்து லாரி சேர்ந்து வந்து நிற்கும். அதற்கு முன் அரை மணி நேரம் மேடை சும்மா கிடந்திருக்கும். அந்த அரை மணியைச் சேர்த்து வைத்து இப்போது செலவழிக்க வழியில்லை. மிச்சத் திறனில் பெரும்பகுதி இப்படித்தான் வீணாகிறது.

இப்படி ஐந்து வண்டி கூடுதலாகச் சேர்ந்துவிட்டால், அந்தக் குவியல் கரைய எவ்வளவு நேரமாகும் என்று பாருங்கள். வழக்கமான வரவு மணிக்கு 5 என்றால், மேடை 10 போடுவதால் மணிக்கு 5 குறையும். ஒரு மணி நேரத்தில் குவியல் தீர்ந்துவிடும். வரவு 8 என்றால் மணிக்கு 2 மட்டுமே குறையும், இரண்டரை மணி நேரம் பிடிக்கும். வரவு ஒன்பதரை என்றால் மணிக்கு அரை வண்டிதான் குறையும், பத்து மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த குவியல் வந்துவிடும். வரவு 8-இலிருந்து ஒன்பதரைக்கு ஏறியது உங்கள் கண்ணுக்குச் சின்ன மாற்றம். வரிசையைக் கரைக்கும் வேகமோ நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

ஒரே மேடை, முன்னும் பின்னுமாகத் தற்செயலாக வரும் வண்டிகள், கூடியும் குறைந்தும் ஆகும் எடை நேரம் என்று வைத்துக்கொண்டால் சூத்திரம் இதுதான்:

```
T = S / (1 - p)
```

S என்பது ஒரு எடைக்கு ஆகும் நேரம், p மேடையின் பயன்பாடு, T வரிசையில் சேர்ந்ததிலிருந்து எடை முடியும்வரை ஆகும் சராசரி நேரம். பயன்பாடு 50% என்றால் 12 நிமிடம், 80% என்றால் 30, 90% என்றால் 60, 95% என்றால் 120. நீங்கள் சொன்ன இரண்டு அளவும் இதில் அப்படியே பொருந்துகின்றன. கீழே இருக்கும் 1 - p சுழியை நெருங்க நெருங்க, மிச்சத்தில் பாதி குறையும் ஒவ்வொரு முறையும் நேரம் இரட்டிக்கிறது. ஒவ்வொரு எடைக்கும் துல்லியமாக 6 நிமிடம்தான் என்றிருந்தால் காத்திருப்பு பாதியாகும், ஆனாலும் கோடு இதே மாதிரிதான் மேலே பாயும்.

கணக்குப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு லாரியும் லோடு எடைக்கு ஒரு தடவை, காலி எடைக்கு ஒரு தடவை என இருமுறை மேடை ஏறும். வரவு என்பது எடைகளின் எண்ணிக்கை. லாரிகளை மட்டும் எண்ணினால் பயன்பாடு பாதியாகத் தெரியும், வரிசை மட்டும் புரியாத புதிராக நிற்கும்.

சரிசெய்ய நான் முதலில் கை வைப்பது S-இல்தான். வண்டி எண், ரசீது, ஈரப்பத மாதிரி எல்லாவற்றையும் மேடைக்கு முன்னால், வரிசையில் நிற்கும்போதே முடித்துவிட்டால் மேடையில் ஒரு நிமிடம் குறையும். 6 என்பது 5 ஆனால், அதே ஒன்பதரை வரவுக்குப் பயன்பாடு 79 சதவீதமாக இறங்கும். மொத்த நேரம் 120-இலிருந்து 24 நிமிடத்துக்கு வந்துவிடும். நெரிசலில் ஒரு நிமிடத்துக்கு இவ்வளவு மதிப்பு. அடுத்தது, வண்டிகளுக்கு நேரம் பிரித்துக் கொடுத்து, ஏற்றும் இடத்திலிருந்தே ஒவ்வொன்றாக அனுப்பச் சொல்வது. இது பயன்பாட்டைக் குறைக்காது, குவியலைக் குறைக்கும். இரண்டாவது மேடை போடுவதென்றால் இரண்டுக்கும் ஒரே வரிசை வையுங்கள். தனித்தனி வரிசை என்றால் ஒரு மேடை சும்மா இருக்கும்போது மறுபக்கம் லாரி காத்துக்கிடக்கும்.

இந்த எண்கள் நீண்ட நேரச் சராசரி. காலையில் காலியாகத் தொடங்கும் மேடையில் 95% வரவு இருந்தாலும் முன்பகலில் இரண்டு மணி நேரம் தெரியாது, மாலையை நோக்கித்தான் ஏறும். நாள் முழுவதுக்கும் சேர்த்துப் பயன்பாடு பார்ப்பதும் ஏமாற்றும். ஒரு நாள் வரிசையில் சேரும் நேரத்தையும் மேடையை விட்டு இறங்கும் நேரத்தையும் ஒவ்வொரு வண்டிக்கும் குறித்து, மணிவாரியாகப் பிரித்துப் பாருங்கள். வரிசை ஏறி இறங்கினால் மேலே சொன்ன நிலைமை. சாயங்காலம் மட்டும் மணிக்கு மணி இரண்டு இரண்டாக நீண்டுகொண்டே போனால், அந்த நேரத்தில் மணிக்கு 12 வருகிறது என்று அர்த்தம். வரவு திறனை மிஞ்சிய பிறகு இந்தச் சூத்திரம் பொருந்தாது. வரவைக் குறைக்கும்வரை வரிசை வளரும்.