சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் முறுக்குவிசை ஏன் கூடுகிறது?

"கடலூர் செம்மண்டலத்திலிருந்து எழுதுகிறேன். டிப்ளமோ புராஜெக்டுக்காகப் புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறையில், தண்ணீர்த் தாரையால் சுற்றும் பக்கெட் சக்கரம் செய்து வாங்கினோம். 18 மில்லிமீட்டர் நாசில், பிரஷர் கேஜில் 2 கிலோ, தாரை படும் ஆரம் 20 செ.மீ. கணக்குப்படி 19 நியூட்டன் மீட்டர் வருகிறது. ஆனால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் 29 காட்டுகிறது, 430 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது 14தான். எது தப்பு?"

அளவு தப்பில்லை. கணக்கு பாதியில் நிற்கிறது. உள்ளே வரும் தண்ணீரை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள், வெளியே போகும் தண்ணீர் எதைக் கொண்டு போகிறது என்று பார்க்கவில்லை.

ஒரு நொடியில் தண்ணீர் கொண்டு வரும் கோண உந்தத்திலிருந்து, அது கொண்டு போவதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் சக்கரத்துக்குக் கிடைக்கும் முறுக்குவிசை.

T = m · r · (v1 − v2)

m என்பது நொடிக்கு எத்தனை கிலோ தண்ணீர். v1 உள்ளே வரும் தண்ணீரின் வேகம், v2 வெளியே போகும் தண்ணீரின் வேகம், இரண்டும் சக்கரம் சுற்றும் திசையில், நிலத்தில் நிற்பவர் பார்க்கிறபடி. பக்கெட் தண்ணீரை இரு பக்கமும் பிரித்துத் தள்ளுவதால் ஆரம் அதிகம் மாறுவதில்லை, ஒரே r போதும்.

2 கிலோ அழுத்தம் 20 மீட்டர் உயரத்துக்குச் சமம். கடலூர், புதுச்சேரி மாதிரி சமதளத்தில் அந்த உயரத்தைப் பம்ப்தான் தரவேண்டும். நாசில் இழப்பு போக தாரையின் வேகம் நொடிக்கு சுமார் 19 மீட்டர், தண்ணீர் நொடிக்கு 5 கிலோ. 200 லிட்டர் டிரம் 40 நொடியில் நிரம்புகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆக உள்ளே வருவது 5 × 0.2 × 19 = 19. உங்கள் கணக்கு இங்கேயே முடிந்துவிட்டது.

சரி, இப்போது சக்கரத்தை நிறுத்திப் பிடியுங்கள். பக்கெட் தண்ணீரை 165 டிகிரி திருப்பி, வந்த பக்கமே அனுப்புகிறது. உராய்வில் பத்தில் ஒரு பங்கு வேகம் போய்விடும் என்று வைத்தால், பின்னோக்கிய வேகம் சுமார் 16.5. திசை எதிர் என்பதால் v2 = −16.5, முறுக்குவிசை 5 × 0.2 × (19 + 16.5) = 35.5. இந்தக் கழித்தல் குறியை விட்டால் 19க்கு மேல் போகவே முடியாது.

430 ஆர்.பி.எம்.மில் பக்கெட்டின் வேகம் நொடிக்கு 9 மீட்டர். அதைப் பொறுத்துத் தாரையின் வேகம் 10தான். திரும்பி வரும்போது பக்கெட்டைப் பொறுத்துப் பின்னோக்கி சுமார் 8.7. பக்கெட்டே 9 வேகத்தில் முன்னே போவதால், வெளியே நிற்பவருக்கு அந்தத் தண்ணீர் வெறும் 0.3 வேகத்தில் முன்னே நகர்கிறது. முறுக்குவிசை 18.7. உங்கள் 19 சரியாகப் பொருந்துவது இந்த ஒரு வேகத்தில் மட்டும்தான். தாரையின் வேகத்தில் ஏறக்குறைய பாதி, அதிகபட்ச பவர் கிடைக்கும் இடமும் இதுதான்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கேஸிங்கில் அக்ரிலிக் ஜன்னல் இருந்தால், இந்த வேகத்தில் தண்ணீர் பக்கவாட்டில் சோர்ந்து விழும். லோடு கூட்டினால் நாசில் பக்கம் சிதறும், லோடை எடுத்தால் சக்கரம் போகிற பக்கமே பறக்கும். 180 டிகிரியும் திருப்பினால் என்ன என்று தோன்றும். திருப்பினால் வெளியேறும் தண்ணீர் அடுத்து வரும் பக்கெட்டின் முதுகில் மோதி சக்கரத்தைத் தடுக்கும். அந்த 15 டிகிரியை விட்டுவைப்பது அதற்காகத்தான்.

ஒரு எச்சரிக்கை. நகரும் ஒற்றைத் தட்டுக்கான கணக்கில், தாரையின் வேகம் v, தட்டின் வேகம் u என்றால், தண்ணீரின் அளவையும் (v − u) வைத்துக் குறைப்பார்கள். சக்கரத்துக்கு அது கூடாது. ஒரு பக்கெட்டைத் துரத்திப் பிடிக்காத தண்ணீரை அடுத்த பக்கெட் வாங்கிக்கொள்கிறது, அதனால் முழு 5 கிலோவும் வேலை செய்கிறது.

அப்புறம், மிஞ்சுகிற வித்தியாசம். நிறுத்தியபோது 35.5க்கு 29, ஓடும்போது 18.7க்கு 14. குறைவது முதலில் 6.5, அடுத்து 4.7. பக்கெட்டின் வடிவம் மட்டும் காரணமென்றால், வேகம் ஏறும்போது இந்தக் குறையும் ஏறக்குறைய பாதியாக வேண்டும். அவ்வளவு குறையவில்லை. அதனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சாஃப்ட் வெளியே வரும் இடத்தில் இருக்கும் கிளாண்ட் பேக்கிங், அப்புறம் பேரிங். தண்ணீரை மூடிவிட்டு, சாஃப்டில் அரை மீட்டர் கம்பியைக் கட்டி, நுனியை ஸ்பிரிங் தராசால் இழுங்கள். ஒரு கிலோ காட்டியபின்தான் சக்கரம் அசைகிறது என்றால் காணாமல் போன 5 நியூட்டன் மீட்டர் அங்கேதான் இருக்கிறது. கிளாண்ட் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, சொட்டுச் சொட்டாகக் கசியும் நிலையில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். லேசாகத்தான் இழுக்க வேண்டியிருந்தால் கிளாண்டை விட்டுவிட்டு, தாரை பக்கெட்டின் நடு விளிம்பில் நேராகப் படுகிறதா என்று பாருங்கள். சக்கரத்தை ஒரு பக்கெட் இடைவெளிக்குள் மெதுவாக நகர்த்தி நகர்த்தி அளங்கள். நிறுத்திப் பிடித்த அளவு நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும், ஒரே இடத்தில் எடுத்த 29ஐ மட்டும் நம்ப வேண்டாம்.