இரண்டு வயதுப் பிள்ளையின் எச்சிலும் கர்ப்பிணித் தாயும்

கேள்வி: எனக்கு இப்போது ஒன்பதாவது வாரம். மூத்தவனுக்கு இரண்டு வயது, அங்கன்வாடிக்குப் போகிறான். சின்னப் பிள்ளைகளிடமிருந்து சி.எம்.வி. என்ற வைரஸ் ஒட்டிக்கொள்ளும், வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் காது கேட்காமல் போகும் என்று தோழி பயமுறுத்துகிறாள். பிரசவம் வரை அவனை என் அம்மா வீட்டில் விட்டுவிட வேண்டுமா? ஏதாவது பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

பிள்ளையை எங்கும் அனுப்ப வேண்டாம். அவனுடைய எச்சிலும் சிறுநீரும் உங்கள் வாய்க்கும் மூக்குக்கும் கண்ணுக்கும் வந்து சேராமல் பார்த்துக்கொண்டால் போதும். நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பல ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள். இதே கவலை என் தம்பி மனைவிக்கும் வந்து, ஒரு மாதம் எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லாமல் போனதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சி.எம்.வி. எனப்படும் சைட்டோமெகலோ வைரஸ் என்பது அக்கி, சின்னம்மை ஆகியவற்றை உண்டாக்கும் வைரஸ்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒருமுறை உடம்புக்குள் வந்துவிட்டால் ஆயுள் முழுவதும் உள்ளேயே அடங்கிக் கிடக்கும், எப்போதாவது மீண்டும் தலைதூக்கும். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, மிஞ்சினால் சில நாள் காய்ச்சலும் அசதியும் இருக்கும். பிள்ளைகளிடம் அதுவும் தெரியாது. ஆனால் மூன்று வயதுக்கு உட்பட்ட ஒரு பிள்ளைக்கு இது தொற்றினால், அவன் ஓடியாடி விளையாடிக்கொண்டிருக்கும்போதே அவனுடைய எச்சிலிலும் சிறுநீரிலும் பல மாதங்கள், சில சமயம் ஓராண்டுக்கு மேலும், வைரஸ் வெளியேறிக்கொண்டே இருக்கும். எனவே எந்தப் பிள்ளையிடம் இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, பிள்ளையைப் பரிசோதித்துப் பார்ப்பதிலும் பயனில்லை. நம் ஊரில் பல பிள்ளைகளுக்குத் தாய்ப்பால் வழியாகவே இது வந்துவிடுகிறது. நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு அதனால் தீங்கில்லை, அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தவும் கூடாது. மற்றவர்களுக்கு அங்கன்வாடியில் ஒருவன் வாயில் வைத்த பொம்மையை இன்னொருவன் வாயில் வைக்கும்போது வருகிறது.

இருமல், தும்மல் வழியாகக் காற்றில் தாவிப் பரவும் நோயைப் போல இதை நினைக்க வேண்டாம். ஈரமான எச்சிலோ சிறுநீரோ கையில் பட்டு, அந்தக் கை வாய்க்கோ கண்ணுக்கோ போக வேண்டும். ஆய்வகத்தில் சோதித்தபோது துணியின் மேல் அரை மணி நேரம் வரையிலும், உலோகத்திலும் மரத்திலும் ஒரு மணி நேரம் வரையிலும், பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியிலும் மூன்று மணி நேரம் வரையிலும் இந்த வைரஸ் உயிரோடு இருந்தது. ஈரம் காயக் காய அது சாகிறது. இதன் மேலுறை கொழுப்பால் ஆனது என்பதால் சாதாரணச் சோப்பே அதைக் கரைத்துவிடும். விலை உயர்ந்த கிருமிநாசினி எதையும் வாங்கத் தேவையில்லை.

இனி எங்கள் வீட்டுக் கதை. தம்பி மனைவிக்கு அப்போது பத்தாவது வாரம், மூத்தவனுக்கு இரண்டு வயது இரண்டு மாதம். யாரோ சொன்னார்கள் என்று ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில், கருவைப் பாதிக்கக்கூடிய பல தொற்றுகளை ஒன்றாகப் பார்க்கும் ‘டார்ச்’ என்ற கூட்டுப் பரிசோதனையை அவளே எடுத்துக்கொண்டாள். சி.எம்.வி.க்கு எதிராக இரத்தத்தில் உருவாகும் ஐஜிஜி, ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள்கள் இரண்டுமே பாசிட்டிவ் என்று வந்தது. அங்கிருந்த ஒருவர், கருவைக் கலைத்துவிடுவது நல்லது என்று வாய் கூசாமல் சொல்லி அனுப்பியிருக்கிறார். அழுதுகொண்டே, “அண்ணி, இனி ஒன்றும் செய்ய முடியாதா?” என்று எனக்குப் போன் செய்தாள்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்பதே என் பதிலாக இருந்தது. ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் எப்போதோ வைரஸ் வந்திருக்கிறது என்பது மட்டும்தான் பொருள், நம் நாட்டுப் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது அப்படித்தான் வரும். ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் புதிய தொற்று என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் முதல் தொற்றுக்குப் பிறகு அது பல மாதங்கள் இரத்தத்தில் நீடிக்கலாம், பழைய வைரஸ் தலைதூக்கும்போதும் வரலாம், வேறு தொற்றுகளால் தவறாகவும் காட்டலாம். இரண்டும் பாசிட்டிவாக இருக்கும்போது அடுத்துக் கேட்க வேண்டியது ஐஜிஜி அவிடிட்டி என்ற பரிசோதனை. உடம்பு ஒரு கிருமியைப் புதிதாகச் சந்திக்கும்போது உருவாக்கும் எதிர்ப்பொருள் தளர்வாகத்தான் ஒட்டும், மாதங்கள் செல்லச் செல்ல இறுக்கமாக ஒட்டக் கற்றுக்கொள்ளும். அந்த இறுக்கத்தைத்தான் இது அளக்கிறது. இறுக்கம் குறைவாக இருந்தால் தொற்று அண்மையில், ஏறத்தாழ மூன்று நான்கு மாதங்களுக்குள், வந்தது என்று ஐயப்படலாம். அதிகமாக இருந்தால் அதற்கும் முந்தையது.

மகப்பேறு மருத்துவர் அந்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். இரத்தம் பெங்களூருக்குப் போய் முடிவு வர ஒரு வாரம் ஆனது. இறுக்கம் அதிகம் என்று வந்தது. அதாவது பத்தாவது வாரத்தில் இருந்தவளுக்குத் தொற்று வந்தது கரு உருவாவதற்கு முன்பே. இந்தக் கணக்கு முதல் மூன்று மாதங்களுக்குள் எடுத்தால்தான் தெளிவாக நிற்கும். ஆறாம் மாதத்தில் எடுத்து அதிகம் என்று வந்தால், தொற்று கருவுற்ற பின் வந்ததா முன் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இதில் ஏன் இவ்வளவு பிரிக்க வேண்டும் என்றால், கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் கருக்களுக்கு அது போய்ச் சேரும். ஏற்கெனவே தொற்று உள்ளவளுக்கு வைரஸ் மீண்டும் தலைதூக்கினாலோ வேறொரு வகை புதிதாக வந்தாலோ அந்த வாய்ப்பு நூற்றில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. ஆனாலும் அது பூஜ்ஜியம் இல்லை. நம் நாட்டைப் போல எல்லோருக்கும் ஐஜிஜி இருக்கும் இடங்களில், சி.எம்.வி.யுடன் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அத்தகைய தாய்மார்களுக்கே பிறக்கிறார்கள். தொற்றுடன் பிறக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் நீடித்த பாதிப்பு வரும். அதில் முதன்மையானது செவித்திறன் குறைவு. முதல் மூன்று மாதங்களில் வரும் தொற்றே அதிகக் கேடு செய்வது என்பதால், நீங்கள் இப்போது கேட்டது நல்ல நேரம்.

எனவே முடிவு எப்படி இருந்தாலும் வீட்டுப் பழக்கம் ஒன்றுதான். நான் தம்பி வீட்டில் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். காலையில் அவள் பிள்ளைக்குக் களியைச் சிறு சிறு உருண்டையாகப் பிடித்து ஊட்டினாள். அவன் பாதி கடித்துத் துப்பியதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். பெற்றவளுக்குப் பிள்ளை எச்சில் எச்சிலா என்பது நம் பக்கத்து வழக்கம், சோற்றை வீணாக்கக் கூடாது என்பதும் கூடச் சேர்ந்துகொள்ளும். அவன் குடித்து வைத்த டம்ளரிலேயே மீதிப் பாலைக் குடித்தாள். மூக்கைச் சிந்திவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். பாயில் சிறுநீர் போனபோது பழந்துணியால் ஒற்றி எடுத்து, வெறும் தண்ணீரில் கையை நனைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். மாலைக்குள் பத்துப் பன்னிரண்டு முறை எண்ணிவிட்டேன்.

மாற்றியது இவ்வளவுதான். அவனுக்கென்று ஒரு தட்டும் ஸ்பூனும் டம்ளரும் தனியாக வைத்தோம். அவன் மிச்சம் வைத்தது கோழிக்குப் போனது. சூடு பார்க்க நாக்கில் வைக்கும் பழக்கத்தை விட்டு மணிக்கட்டில் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். ஈரத்துணி மாற்றியபின், மூக்கும் எச்சிலும் துடைத்தபின், ஊட்டியபின், அவன் பொம்மைகளை எடுத்து வைத்தபின் சோப்புப் போட்டு இருபது நொடி தேய்த்துக் கழுவ வேண்டும். எங்கள் ஊர்ப் போர்த் தண்ணீரின் கடினத்தில் சோப்பு நுரைப்பதே இல்லை. நுரை வராவிட்டாலும் விரலிடுக்கு வரை தேய்த்தால் வேலை நடக்கும். குழாய்த் தண்ணீர் வராத நாளில் ஆல்கஹால் கலந்த கை சுத்திகரிப்பான் போதும், ஆனால் கையில் அழுக்கு ஒட்டியிருந்தால் அது பயன்படாது. கொஞ்சுவதை நிறுத்தச் சொல்லவில்லை. உதட்டில் முத்தம் கொடுப்பதை விட்டு உச்சி முகரச் சொன்னேன். மூன்றாம் நாளே அவள் மறந்துபோய் அவன் கடித்த பிஸ்கட்டை வாயில் போட்டாள். ஒருமுறை தவறினால் எல்லாம் போயிற்று என்று இல்லை, தடவைகள் குறையக் குறைய ஆபத்தும் குறைகிறது.

இப்பழக்கம் உண்மையில் தடுக்கிறதா என்று தம்பி கேட்டான், நியாயமான கேள்விதான். 2015-இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில், சிறு பிள்ளையோடு நெருங்கிப் பழகும், முன்பு தொற்றே இல்லாத கர்ப்பிணிகளுக்கு இதே முறைகளைக் கற்றுக் கொடுத்தார்கள். 331 பேரில் 4 பேருக்குத் தொற்று வந்தது. சொல்லிக் கொடுக்கப்படாத 315 பேரில் 24 பேருக்கு வந்தது. நம்மைப் போல ஐஜிஜி ஏற்கெனவே உள்ளவர்களுக்கு இதே அளவு பலன் கிடைக்கும் என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. ஆயினும் வேறு வகை வைரஸ் வருவதும் இதே வழியில்தான் என்பதாலும், செலவு ஒரு சோப்புக் கட்டிதான் என்பதாலும் நான் தயங்காமல் சொல்கிறேன். இதற்கு இன்னும் தடுப்பூசி இல்லை.

உங்கள் பரிசோதனை குறித்து: டார்ச் தொகுப்பை நீங்களாகப் போய் எடுக்காதீர்கள். மருத்துவரிடம் சி.எம்.வி. ஐஜிஜி மட்டும் பார்க்கலாமா என்று கேளுங்கள். நெகட்டிவ் என்றால் மேலே சொன்ன கவனம் உங்களுக்குப் பல மடங்கு தேவை. அப்போது மூத்தவனின் மூக்கைத் துடைப்பதையும் துணி மாற்றுவதையும் முடிந்தவரை அவன் அப்பாவிடமோ பாட்டியிடமோ விட்டுவிடலாம். ஐஜிஜி பாசிட்டிவாக இருந்து, மருத்துவர் ஐஜிஎம்மையும் பார்த்து அதுவும் பாசிட்டிவாக வந்தால், வேறு எந்தப் பேச்சுக்கும் முன் அவிடிட்டி. அதுவும் குறைவாக இருந்தால் கரு மருத்துவ வல்லுநரைப் பார்க்க வேண்டும். ஸ்கேனும், இருபதாவது வாரத்துக்குப் பின் பனிக்குட நீர்ப் பரிசோதனையும், தொடக்கத்திலேயே தெரிந்தால் வைரஸை அடக்கும் வாலாசைக்ளோவிர் மாத்திரையும் அவர் முடிவு செய்வார்.

பிறந்தபின் ஐயம் இருந்தால் 21 நாட்களுக்குள் குழந்தையின் சிறுநீரைப் பி.சி.ஆர். முறையில் சோதிக்க வேண்டும். அந்தக் கெடு தாண்டினால், தொற்று வயிற்றிலேயே வந்ததா தாய்ப்பாலில் வந்ததா என்று பிரிக்க முடியாது. என் தம்பியின் இரண்டாவது மகளுக்கு ஐந்தாம் நாளே எடுத்தார்கள். நெகட்டிவ் என்று வந்தது, செவித்திறன் பரிசோதனையும் சரியாக இருந்தது. ஒருவேளை பாசிட்டிவ் என்று வந்திருந்தால், பிறந்தபோது காது நன்றாகக் கேட்டிருந்தாலும் பள்ளி செல்லும் வயது வரை அவ்வப்போது சோதித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் குறை பல பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் தொடங்குகிறது.