பழுப்பு முட்டை, வெள்ளை முட்டை: நிறம் ஓட்டோடு நின்றுவிடுகிறது

கேள்வி: சேலம் கடைகளில் பிரவுன் முட்டைக்கு வெள்ளை முட்டையை விட அதிக விலை கேட்கிறார்கள். ஏற்காடு போனால் நாட்டு முட்டை என்று இன்னும் அதிகம். நிறத்துக்கு ஏற்ற சத்து உண்மையிலேயே இருக்கிறதா?

பதில்: இல்லை. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைச் சொல்லும், உள்ளே இருக்கும் சத்தைச் சொல்லாது.

ஒரு பிரவுன் முட்டையை உடைத்து, ஓட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாகவோ வெளிறிப்போயோ இருக்கும். வெள்ளை முட்டையின் ஓட்டையும் பக்கத்தில் வைத்தால், உள்பக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. காரணம், முட்டை உருவாகும் வரிசை. மஞ்சள் கரு சினைப்பையிலிருந்து விழுந்ததிலிருந்து முட்டை வெளியே வர ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும். முதல் நாலைந்து மணி நேரத்திலேயே வெள்ளைக் கருவும் அதைச் சுற்றிய சவ்வும் சேர்ந்துவிடுகின்றன. மீதி 20 மணி நேரமும் முட்டை ஓடு கட்டும் பையில்தான் கிடக்கிறது. அங்கே சுண்ணாம்பு படிந்து ஓடு ஆகிறது. கடைசிச் சில மணி நேரத்தில்தான், பிரவுன் முட்டை இடும் இனங்களில், அந்தப் பையின் சுவர் ஓட்டின் மேல் நிறத்தைப் பூசுகிறது. அதற்குள் கரு இரண்டும் சவ்வுக்குள்ளே மூடப்பட்டாயிற்று. வீடு கட்டி முடித்துப் பூட்டிய பிறகு வெளிச்சுவருக்குச் சாயம் அடிப்பது போலத்தான்.

அந்த நிறப்பொருளின் பெயர் புரோட்டோபார்ஃபிரின். ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீம் உருவாவதற்கு ஒரு படி முந்தைய பொருள் இது. இதில் இரும்பு சேர்ந்தால்தான் ஹீம். எனவே "பிரவுன் முட்டையில் இரும்புச்சத்து அதிகம்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. நிறப்பொருளில் இரும்பே கிடையாது, அது ஒட்டியிருக்கும் ஓட்டையும் நாம் குப்பையில்தான் போடுகிறோம்.

பூசலாமா வேண்டாமா என்பது பிறவியிலேயே முடிவாகிவிடுகிறது. நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் பெரும்பாலும் வெள்ளை லெகார்ன் வழிக் கோழிகள்தான், அவை வெள்ளை முட்டை இடும். ரோட் ஐலேண்ட் ரெட் வழி வந்தவை பிரவுன் இடும். கருங்கோழி எனும் கடக்நாத்தின் முட்டை கூடக் கறுப்பு இல்லை, இளம்பழுப்புதான். பிரவுன் இடும் பண்ணைக் கோழிகள் பொதுவாக உடல் பெருத்தவை, தீவனம் கொஞ்சம் அதிகம் தின்னும். விலை உயர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரே கோழியின் முட்டையும் எப்போதும் ஒரே நிறத்தில் வராது. பயந்தாலோ, நெரிசலில் அடைபட்டாலோ, வயதானாலோ பிரவுன் முட்டை வெளிறும். சித்திரை வெயிலில் கோழி வாயைப் பிளந்து மூச்சிரைக்கும்போது ஓடு மெலியும். அது வெள்ளைக் கோழிக்கும் நடக்கும். ஓட்டின் கெட்டிக்கு வயது, தீவனத்துச் சுண்ணாம்பு, வெயில் ஆகியவைதான் காரணம், நிறம் அல்ல.

உள்ளே வித்தியாசம் வருவதும் உண்மைதான், ஆனால் அது தீவனத்தால். மக்காச்சோளமும் பச்சையும் தின்றால் மஞ்சள் கரு ஆழ்ந்த நிறமாகும். ஏற்காட்டில் தோட்டத்தில் மேய்கிற கோழியின் கரு ஆரஞ்சாக இருப்பது அதனால்தான். அதே கோழியைக் கூண்டில் அடைத்து அரிசிக் குருணை மட்டும் போட்டால், ஓடு பழுப்பாகவே வரும், கரு வெளிறும். ஆளி விதை கலந்த தீவனம் கொடுத்தால் ஒமேகா-3 கூடும், அது வெள்ளை முட்டையிலும் கூடும்.

ஏமாற்று வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெள்ளை முட்டையை டீ டிகாஷனில் ஊறவைத்துப் பழுப்பாக்கி விற்பதுண்டு. எலுமிச்சைச் சாறு தேய்த்து, நிறம் வந்தால் போலி என்று பலர் சொல்கிறார்கள். அந்தச் சோதனையை நம்பாதீர்கள். அமிலம் ஓட்டின் மேற்பரப்பைக் கரைக்கும், அசல் பிரவுன் நிறமும் அங்கேதான் இருக்கிறது, அதனால் அசலிலும் நிறம் வரும். கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச் இருந்தால், இருட்டில் அடித்துப் பாருங்கள். அசல் பிரவுன் ஓடு நல்ல சிவப்பாக ஒளிரும். டீக்கறைக்கு அந்தச் சிவப்பு வராது.

இனி விலைக் கணக்கு. 55 கிராம் பண்ணை முட்டையில் ஓடு போக சுமார் 49 கிராம் தேறும். அதில் புரதம் ஏறக்குறைய 6 கிராம். நாட்டு முட்டை பெரும்பாலும் 40 கிராம்தான்; ஓடு போக 35 கிராம், புரதம் நாலரை கிராம். அதாவது புரதத்தில் மூன்று பண்ணை முட்டைக்கு ஈடாக நாலு நாட்டு முட்டை வேண்டும். ருசிக்காகவோ, மேய்ச்சலில் வளர்ந்த கோழி வேண்டும் என்றோ கூடுதலாகக் கொடுத்தால் அது உங்கள் விருப்பம். புரதத்துக்காக என்றால், கடைத் தராசில் முட்டையை வைத்து எடை பார்த்து வாங்குங்கள்.